சுழல்வது வேறு, கழல்வது வேறு

பழைய வைஃபை ரவுட்டரின் இரண்டு ஆன்டெனாக்களையும் கழற்றிவிட்டு நீளமானவற்றை மாட்டலாம் என்று ஒருநாள் உட்கார்ந்தேன். வலப்பக்கத்து ஆன்டெனா இரண்டு விரலுக்கே கழன்றது. இடப்பக்கத்தது அசையவில்லை. கொறட்டால் பிடித்து ஒரு மூச்சில் திருப்பினேன். ‘டக்’கென்று விட்டுக்கொடுத்தது. அதன்பின் லேசாகச் சுற்றியது. நான்கு சுற்று சுற்றியும் கையோடு வரவில்லை. சந்தேகப்பட்டு மூடியைத் திறந்தால், உள்ளேயிருந்த கறுப்பு நூல் போன்ற வயர் கயிறாக முறுக்கிக்கொண்டு, சர்க்யூட் போர்டிலிருந்து பிய்ந்து கிடந்தது. ஆன்டெனா கழலவே இல்லை. அதைத் தாங்கும் சாக்கெட்தான் நான்கு சுற்றும் சுற்றியிருக்கிறது.

வீட்டுக் குழாயைக் கழற்றும் பிளம்பரைப் பார்த்திருப்பீர்கள். ஒரு ரெஞ்சால் குழாயைத் திருப்புவார். இன்னொரு ரெஞ்சால் பைப்பை இறுக்கிப் பிடித்திருப்பார். பிடிக்காமல் திருப்பினால் சுவருக்குள் இருக்கும் பைப் சேர்ந்து திரும்பி, எங்கோ ஒரு இணைப்பு விட்டுப்போகும். ரவுட்டருக்குள் நடப்பதும் அதுவே. இங்கே சுவர், பிளாஸ்டிக் பெட்டி. பைப், வெறும் 1.13 மில்லிமீட்டர் தடிமனுள்ள கோஆக்சியல் வயர்.

கழற்றக்கூடிய ஆன்டெனா உள்ள வீட்டு ரவுட்டர்கள் பலவற்றில் ஆர்பி-எஸ்எம்ஏ என்ற வகை இணைப்புதான் இருக்கும். பெட்டியின் துளை வழியாகப் பித்தளைச் சாக்கெட் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் வெளிப்புறத்தில் மரை. அந்த மரையிலேயே முதலில் ஒரு மெல்லிய நட்டு ஏறி, சாக்கெட்டைப் பெட்டியோடு சேர்த்துப் பிடித்திருக்கும். மிச்சமுள்ள மரையில் ஆன்டெனா ஏறும். சாக்கெட் சுழலாமல் இருக்க அதன் ஒரு பக்கத்தைத் தட்டையாகச் சீவி, துளையையும் அதே வடிவில் வைப்பது உண்டு. ஆனால் துளை பிளாஸ்டிக், சாக்கெட் பித்தளை. ஒருமுறை முரட்டுத்தனமாகத் திருப்பினால் துளையின் தட்டை விளிம்பு மழுங்கிவிடும். நான் கேட்ட ‘டக்’ அதுதான்.

ஆக, நாம் கொடுக்கும் முறுக்கு விசைக்கு இரண்டு வழிகள் திறந்திருக்கின்றன. ஆன்டெனாவின் மரை விட்டுக்கொடுக்கலாம். அல்லது சாக்கெட்டைப் பிடித்திருக்கும் நட்டின் உராய்வு விட்டுக்கொடுக்கலாம். எது பலவீனமோ அது முதலில் நகரும். யாரோ கொறடு போட்டு இறுக்கிய ஆன்டெனாவிலும், உப்புக்காற்றில் பச்சை பூத்த ஆன்டெனாவிலும் மரைதான் பலமானது. எனவே சாக்கெட் சுழலும், வயர் முறுக்கும்.

எது நகர்கிறது என்று கண்டுபிடிக்கப் பெட்டியைத் திறக்க வேண்டியதில்லை. ஒரு மார்க்கர் பேனா போதும். பெட்டி, நட்டு, கண்ணுக்குத் தெரிந்தால் சாக்கெட்டின் மரை, ஆன்டெனாவின் அடிவளையம் எல்லாவற்றின் மீதும் ஒரே நேர்கோடாக ஒரு கோடு இழுங்கள். பிறகு கால் சுற்று மட்டும் இடப்பக்கமாகத் திருப்புங்கள். வளையத்தின் கோடு மட்டும் விலகினால் நல்லது. நட்டின் கோடோ சாக்கெட்டின் கோடோ கூடவே நகர்ந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

சாக்கெட் கண்ணுக்குத் தெரியாவிட்டால் இடைவெளியைப் பாருங்கள். இந்த மரையில் ஓர் அங்குலத்துக்கு 36 புரிகள். அதாவது ஒரு முழுச் சுற்றுக்கு ஆன்டெனா 0.7 மில்லிமீட்டர் வெளியே வந்தாக வேண்டும். ஏறத்தாழ ஒரு ஏடிஎம் கார்டின் தடிமன். ஒரு சுற்று முடிந்தும் நட்டுக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவே அந்த இடைவெளி விழவில்லை என்றால், சுழல்கிறது, கழலவில்லை. எத்தனை சுற்றினீர்களோ அத்தனையை எதிர்ப்பக்கம் திருப்பி வயரின் முறுக்கை முதலில் எடுத்துவிடுங்கள்.

இனி கழற்றும் முறை. ரவுட்டரின் மின்சாரத்தைத் துண்டியுங்கள். பெட்டியை ஒட்டியிருக்கும் நட்டில் 8 மில்லிமீட்டர் ஸ்பேனரை மாட்டி அசையாமல் பிடியுங்கள். நட்டு மெல்லியது என்பதால் ஸ்பேனரும் மெல்லியதாக இருக்க வேண்டும். மறுகையால் ஆன்டெனாவின் அடிவளையத்தைத் திருப்புங்கள். ஆன்டெனாவின் நீண்ட தண்டைப் பிடித்து ஒருபோதும் திருப்பக் கூடாது; அது மடங்கும் இடத்திலும் ஒரு மெல்லிய வயர் போகிறது. வளையம் வழுக்கினால் பழைய சைக்கிள் ட்யூபில் ஒரு துண்டைச் சுற்றிப் பிடித்தால் பிடிமானம் கிடைக்கும். வளையத்தில் ஆறு பக்க உலோகம் தெரிந்தால் அங்கே இரண்டாவது ஸ்பேனர்.

நட்டை ஏன் பிடிக்க வேண்டும், சாக்கெட்டை அல்லவா பிடிக்க வேண்டும் என்று தோன்றலாம். இங்கேதான் மரையின் திசை நமக்கு உதவுகிறது. ஆன்டெனாவோடு சேர்ந்து சாக்கெட்டும் இடப்பக்கம் சுழல முயல்கிறது என்று வையுங்கள். நட்டு அசையாமல் நிற்கிறது. அப்படியானால் சாக்கெட்டைப் பொறுத்தவரை நட்டு வலப்பக்கம் திரும்புகிறது; அதாவது இறுகுகிறது. சாக்கெட் நழுவ முயன்றால் தன்னைத்தானே பெட்டியோடு கவ்விக்கொள்ளும். நட்டைப் பிடிக்காமல் விட்டால் கதை மாறும். இறுகிய ஆன்டெனா நட்டோடு ஒட்டிக்கொண்டு, இரண்டும் சேர்ந்து கழலும். நட்டு தளர்ந்ததும் சாக்கெட்டைப் பிடிக்க ஆளில்லை; அடுத்த திருப்பில் வயர் முறுக்கும்.

இதற்கும் அசையாவிட்டால், அல்லது வெளியே நட்டே தெரியாவிட்டால், மூடியைத் திறந்துவிடுவதே மலிவு. உள்ளே சாக்கெட்டின் பின்பகுதி உலோகத்தை மூக்குக் கொறட்டால் பிடித்துக்கொண்டு வெளியே ஆன்டெனாவைத் திருப்பலாம். வயரைப் பிடிக்கக் கூடாது. துருநீக்கி ஸ்ப்ரே அடிப்பதும் வேண்டாம். எண்ணெய் மரை வழியே இறங்கி நடுமுனையில் படியும்.

ஒரு வகை ரவுட்டரிடம் மட்டும் இந்த முயற்சியே கூடாது. பல புதிய மாடல்களில் ஆன்டெனா பெட்டியோடு நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருக்கும். திசை மாற்ற ஓரளவு திரும்பும், பிறகு ஒரு தடையில் முட்டி நிற்கும். அடியில் உலோக வளையமோ மரையோ தெரியாது. அந்தத் தடையை ‘இறுக்கம்’ என்று நினைத்துத் திருப்பினால் வயர் அறுவது உறுதி.

வயர் ஏற்கெனவே முறுக்கிவிட்டதோ என்ற ஐயம் இருந்தால், பெட்டியைத் திறந்து பாருங்கள். போர்டில் பொத்தான் போல அழுத்தி மாட்டியிருக்கும் சிறு கனெக்டர் என்றால், அது வெறுமனே கழன்று வந்திருக்கலாம். நேர்மேலாக வைத்து அழுத்தினால் உட்காரும். ஆனால் அவை சுமார் 30 முறை மாட்டிக் கழற்றவே தயாரிக்கப்பட்டவை. அதைக் கழற்றிய நிலையில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். நடுமுனையிலிருந்து நடுமுனைக்குத் தொடர்பு இருக்க வேண்டும். நடுமுனைக்கும் வெளி உலோகத்துக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. முதலாவது இல்லையென்றால் உள்கம்பி அறுந்துவிட்டது. இரண்டாவது இருந்தால் முறுக்கில் வலைக்கம்பி உள்ளே குத்தியிருக்கிறது. இரண்டுக்கும் வேறு வயர்தான் மாற்ற வேண்டும். இரண்டும் சரியாக இருந்தும் வயர் நசுங்கியோ மடிந்தோ தெரிந்தால் அதையும் நம்ப வேண்டாம். மல்டிமீட்டர் பார்ப்பது நேர்மின்சாரத்தை. வைஃபை அலையோ வயரின் வடிவம் மாறிய இடத்தில் திரும்பிப் போய்விடும்.

எனக்கு அந்த வயரை மாற்ற வேண்டியதாயிற்று. புது ஆன்டெனாவை மாட்டும்போது கொறடு பக்கம் போகவில்லை. விரலால் இறுகும் அளவே இந்த இணைப்புக்குப் போதும். அதற்கு மேல் இறுக்கும் ஒவ்வொரு கால் சுற்றும், அடுத்து கழற்றப்போகிறவருக்கு நாம் வைக்கும் பொறி.