கேம்பஸ் விளாக்ல வர்ற '96% பிளேஸ்மென்ட்' நிஜமா? ஒரு பி.டி.எஃப்-ல செக் பண்ணலாம்!

பிளஸ் டூ முடிச்சாச்சு, அடுத்து எந்தக் கல்லூரி? தஞ்சாவூர் பக்கம் மட்டுமே எத்தனை வகை! சாஸ்த்ரா, பெரியார் மணியம்மை போன்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், மன்னர் சரபோஜி, குந்தவை நாச்சியார் போன்ற அரசுக் கல்லூரிகள், தனியார் கல்லூரிகள் என நிறைய இருக்கு. விளாக்ல ஹாஸ்டலும் கேன்டீனும் தெரியும். படிச்சு முடிச்சவங்க என்ன ஆனாங்க என்பது தெரியாது. அதை எப்படித் தெரிஞ்சுக்கிறது?

எங்கே பார்ப்பது?

மத்திய கல்வி அமைச்சகத்தின் என்.ஐ.ஆர்.எஃப் தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள், தங்கள் மாணவர் கணக்கைத் தர வேண்டும். அந்த பி.டி.எஃப் கல்லூரியின் இணையதளத்திலேயே இருக்கும். கல்லூரி பெயருடன் NIRF என்று சேர்த்துத் தேடுங்க. எத்தனை பேர் சேர்ந்தாங்க, உரிய காலத்தில் எத்தனை பேர் முடிச்சாங்க, எத்தனை பேருக்கு வேலை, எத்தனை பேர் மேற்படிப்பு என வரிசையா இருக்கும்.

கணக்கு எங்கே மாறுது?

ஒரு கற்பனைக் கல்லூரியை எடுத்துக்குவோம். சேர்ந்தவங்க 600 பேர். உரிய காலத்தில் முடிச்சவங்க 450. வேலை கிடைச்சது 240 பேருக்கு. போஸ்டர்ல மட்டும் 96%. எப்படி?

அரியர் இல்லாமல், கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் பதிவு செய்த 250 பேரை மட்டும் வைத்து வகுத்தால் 96% வரும். சேர்ந்த 600 பேரை வைத்து வகுத்தால் 40%தான். ரெண்டுமே பொய் இல்லை. ஆனா சேரப் போற உங்களுக்குத் தேவையானது ரெண்டாவது கணக்கு.

சம்பளமும் அப்படித்தான். போஸ்டர்ல இருக்கிற பெரிய தொகை ஒருத்தருக்குக் கிடைச்சது. பி.டி.எஃப்-ல 'மீடியன்' சம்பளம் இருக்கும். வேலை கிடைச்ச எல்லாரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால், நடுவில் நிற்பவர் வாங்குற தொகை அது. கல்விக் கடன் வாங்குறதா இருந்தா, மாதத் தவணையை இதோடு ஒப்பிட்டுப் பாருங்க.

அரசு கலைக் கல்லூரிக்கும் இதே அளவுகோலா?

இல்லை. அங்கே வேலை எண்ணிக்கை குறைவா இருந்தா, உடனே மோசம்னு முடிவு பண்ணாதீங்க. பி.ஏ., பி.எஸ்சி. முடிச்சவங்களில் பலர் முதுகலை, பி.எட். என்று போவாங்க. அதனால மேற்படிப்பு எண்ணிக்கையையும் பாருங்க. 3 ஆண்டு படிப்பை 3 ஆண்டு படிப்போடு, 4 ஆண்டை 4 ஆண்டோடு ஒப்பிடுவதே நியாயம்.

இதிலும் குறை உண்டா?

உண்டு. இது கல்லூரியே தரும் கணக்கு. துறைவாரியா இருக்காது, சில ஆண்டு பழைய பேட்ச் விவரமாத்தான் இருக்கும். தரவரிசைக்கே விண்ணப்பிக்காத கல்லூரியும் உண்டு. அதனால நேரில் போகும்போது, நீங்க சேரப் போற துறையில் இதையே கேளுங்க: போன பேட்ச்ல எத்தனை பேர் சேர்ந்தாங்க, எத்தனை பேர் முடிச்சாங்க, எத்தனை பேருக்கு வேலை? ரெண்டு கல்லூரியிலும் இந்த மூணு எண்ணையும் வாங்கிட்டு, அப்புறம் ஃபீஸ் பற்றிப் பேசுங்க.