சின்ன சென்சாரில் ஏன் புள்ளி விழுகிறது?

இரவில் ஒற்றை விளக்கு வெளிச்சத்தில் போனால் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், வெள்ளைச் சுவர் வெள்ளையாக இருக்காது. சாம்பலும் ஊதாவும் பச்சையுமாக மணல் தூவியதுபோலப் புள்ளிகள் தெரியும். இதைத்தான் இரைச்சல் என்கிறார்கள். அதே அறையைப் பெரிய கேமராவில் எடுத்தால் சுவர் ஏறக்குறைய சுத்தமாக வரும். போனின் சென்சார் மட்டம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பங்கு காரணம் வெளிச்சத்திலேயே இருக்கிறது.

வெளிச்சம் ஃபோட்டான் என்னும் துகள்களாக வருகிறது. அவை சீராக வருவதில்லை. சராசரியாக 100 ஃபோட்டான் விழவேண்டிய இடத்தில் ஒரு பிக்சலுக்கு 92 கிடைக்கும், அடுத்ததற்கு 109 கிடைக்கும். இந்த ஏற்ற இறக்கம் ஏறத்தாழ எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு இருக்கும். 100க்கு 10, அதாவது பத்து சதவீதம். 10,000 ஃபோட்டான் கிடைத்தால் 100, அதாவது ஒரே சதவீதம். வெளிச்சம் கூடக்கூட, தடுமாற்றத்தின் பங்கு குறைகிறது.

இரண்டு கருவிகளை எடுத்துக்கொள்ளலாம். 2014இல் வந்த சோனி ஏ7எஸ் கேமராவும், 2018இல் வந்த கூகுள் பிக்சல் 3 போனும் ஏறத்தாழ 12 மெகாபிக்சல்தான். ஆனால் கேமராவின் ஒரு பிக்சல் 8.4 மைக்ரான் அகலம், போனுடையது 1.4 மைக்ரான். அகலத்தில் ஆறு மடங்கு என்றால் பரப்பில் 36 மடங்கு. லென்ஸின் எஃப் எண்ணும் ஷட்டர் நேரமும் ஒன்றாக இருந்தால், போன் பிக்சலில் 100 ஃபோட்டான் விழும் இடத்தில் கேமரா பிக்சலில் 3,600 விழும். அங்கே தடுமாற்றம் 60, இரண்டு சதவீதம்கூட இல்லை. கரும் தலைமுடி போன்ற இடத்தில் போன் பிக்சலுக்கு நான்கு ஃபோட்டான்தான் கிடைக்கிறது என்றால், தடுமாற்றம் இரண்டு, கிடைத்ததில் பாதி. போதாக்குறைக்கு, அந்த மின்னூட்டத்தை அளக்கும் சுற்றிலும் ஓரிரு எலக்ட்ரான் அளவுக்குப் பிழை நேரும். 3,600இல் அது கணக்கிலேயே வராது, நான்கில் அது பெரிய அடி.

மெகாபிக்சலைக் கூட்டினால் இது தீராது. அதே பரப்பை 12 மெகாபிக்சலுக்குப் பதில் 48 ஆகக் கூறுபோட்டாலும், சென்சாரில் விழும் மொத்த வெளிச்சம் மாறுவதில்லை. அதனால்தான் 48 மெகாபிக்சல் போன்கள் மங்கிய வெளிச்சத்தில் நான்கு பிக்சல்களை ஒன்றாகச் சேர்த்துவிடுகின்றன. நல்ல வெயிலிலோ போன் பிக்சலுக்கே சில ஆயிரம் ஃபோட்டான் கிடைத்துவிடும். பகல் படங்களில் வித்தியாசம் கண்ணில் படாததற்கு அதுவே காரணம்.

எடுத்த படத்தை மெருகேற்றும்போதுதான் இந்தக் கணக்கு உறைக்கிறது. பிரைட்னஸை எட்டு மடங்கு ஏற்றினால் நான்கு 32 ஆகும், இரண்டாக இருந்த தடுமாற்றமும் 16 ஆகும். விகிதம் அப்படியே இருக்கும். இருட்டில் மறைந்திருந்தது வெளியே வந்துவிடும், அவ்வளவுதான். ஷார்ப்னஸை ஏற்றுவது இன்னும் மோசம். பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களின் வித்தியாசத்தைக் கூட்டுவதே அதன் வேலை. இரைச்சல் என்பதே அந்த வித்தியாசம்தான்.

இரைச்சலை நீக்க எளிய வழி, அக்கம்பக்கப் பிக்சல்களைச் சராசரி எடுப்பது. ஒன்பது பிக்சல்களைச் சேர்த்தால் தடுமாற்றம் மூன்றில் ஒரு பங்காகும். ஆனால் ஒரு பிக்சல் அகலமுள்ள தலைமுடி இழையும் அந்தச் சராசரியில் கரைந்துபோகும். இழைக்கும் பின்னணிக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு, இரைச்சலும் இரண்டு என்றால், எது முடி எது புள்ளி என்று அந்த ஒரு பிக்சலை வைத்து எந்த மென்பொருளாலும் உறுதியாகச் சொல்லமுடியாது. பல படங்களைப் பார்த்துப் பழகிய மென்பொருள்கள் இழை இழையாக முடியைக் காட்டும். பல சமயம் அது ஊகம். நெற்றி முடியில் பரவாயில்லை, மங்கலான பெயர்ப்பலகை எழுத்தில் நம்பக்கூடாது.

போன் தரும் ஜேபெக் படத்தில் இந்த நீக்கம் ஒருமுறை நடந்து முடிந்திருக்கும். புருவமும் பட்டுச்சேலைச் சரிகையும் ஈரத்தில் கலைந்த வண்ணம்போல இழுபட்டிருந்தால் அதுவே அடையாளம். அதன்மேல் மறுபடியும் நீக்கினால் முகம் மெழுகுபோல ஆகிவிடும். ரா கோப்பிலிருந்து தொடங்குவது மேல். நிறப் புள்ளிகளைத் தாராளமாக நீக்கலாம், நிறம் சற்றுக் கலங்கினால் கண் பொறுத்துக்கொள்ளும். வெளிச்சப் புள்ளிகளில் கொஞ்சம் விட்டுவைப்பது நல்லது. ஷார்ப்னஸ் கடைசியில்தான்.

வெளிச்சப் பற்றாக்குறையை நேராகவே ஈடுகட்டும் வழி ஒன்று உண்டு: பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக்குவது. பிக்சல் 3இன் இரவு முறை 15 படங்கள் வரை சேர்க்கும். 15இன் வர்க்கமூலம் ஏறக்குறைய நான்கு. தடுமாற்றமும் ஏறக்குறைய அத்தனை மடங்கு குறையும். மேலே சொன்ன கேமராவின் ஒரே படத்தை எட்ட 36 படங்கள் வேண்டும். அதற்குள் எதுவும் அசையக்கூடாது. அசைந்த இடத்தில் படங்கள் பொருந்தாததால், அங்கே மட்டும் மென்பொருள் குறைவான படங்களையே சேர்க்கும். கையை ஆட்டிக்கொண்டிருக்கும் குழந்தையின் இரவுப் படத்தில் சுவர் பளிச்சென்று இருந்து, விரல்களில் மட்டும் பழைய மணல் அப்படியே இருப்பது இதனால்தான்.