பன்னிரண்டு வயது இடைவெளியும் முதல் சில பேச்சுகளும்

பெண்ணுக்கு 27 வயது, ஆணுக்கு 39 என்று வைத்துக்கொள்வோம். ஜாதகம் பொருந்திவிட்டது, புகைப்படமும் பிடித்துவிட்டது. "இனி நீங்களே பேசிப் பாருங்க" என்று இரு வீட்டாரும் போன் எண்ணைக் கொடுத்துவிட்டார்கள். இப்படித் தொடங்கும் முதல் நாலைந்து பேச்சுகள் பெரும்பாலும் இனிமையாகத்தான் போகும். அந்த இனிமையைத்தான் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

பதினைந்து வருடம் வேலை பார்த்தவருக்குச் சொல்வதற்கு நிறைய இருக்கும். எந்தக் கம்பெனி நல்லது, வீட்டுக்கடன் எப்போது வாங்கலாம், மேலதிகாரியிடம் எப்படிப் பேசுவது என்று அவர் விளக்குவார். அவள் ஆர்வமாகக் கேட்பாள். ஒரு மணி நேரம் போனதே தெரியாது. அவருக்கு, "நல்லா புரிஞ்சுக்கிற பொண்ணு" என்று தோன்றும். அவளுக்கு, "எவ்வளவு பக்குவம்!" என்று தோன்றும். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் அவள் தன்னைப் பற்றிச் சொன்னது நாலு வாக்கியம்கூட இருக்காது. போனை வைத்த பிறகு, அடுத்த வருடம் அவள் என்ன செய்ய நினைக்கிறாள் என்று அவரால் சொல்ல முடிகிறதா? முடியவில்லை என்றால், அடுத்த முறை கேட்கும் வேலை அவருடையது. அவள் அலுவலகத்தில் ஒரு சிக்கல் என்று சொன்னால், தீர்வு சொல்வதற்கு முன்னால் "நீங்க என்ன செய்யலாம்னு இருக்கீங்க?" என்று அவர் கேட்டாலே பேச்சு வேறு மாதிரி போகும்.

வயதை முதல் பேச்சிலேயே சரியாகச் சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பள்ளியில் சேர்ப்பதற்காகத் தேதியை முன்பின்னாக எழுதிய வீடுகள் பல. சான்றிதழில் ஒரு வயது, ஜாதகத்தில் ஒரு வயது என்று இருக்கும். இரண்டையும் சொல்லி, எது உண்மை என்றும் சொல்லிவிடலாம். அது குற்றமல்ல. 43 வயதுக்காரர் 39 என்று சொல்லிவைப்பது வேறு. அது நிச்சயத்துக்குப் பிறகு வெளியே வந்தால், வயதைவிட மறைத்ததுதான் பெரிதாக நிற்கும்.

அடுத்தது குழந்தைப் பேச்சு. அறிமுகமான சில நாளிலேயே இதையெல்லாம் கேட்பதா என்று பலர் கூசுகிறார்கள். இடைவெளி பெரிதாக இருக்கும்போது தள்ளிப்போடக் கூடாத பேச்சு இதுதான் என்பேன். நம் உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். அவள் முனைவர் பட்ட ஆய்வில் இப்போதுதான் சேர்ந்திருக்கிறாள். முடிக்க நாலு வருடம் ஆகும். அவர் அரசு ஊழியர். ஒரு வருடத்தில் கல்யாணம், உடனே குழந்தை என்றால், பிறக்கும்போது அவளுக்கு 29, அவருக்கு 41. தமிழ்நாட்டில் அரசு ஊழியர் ஓய்வு வயது 60. அவர் ஓய்வு பெறும்போது குழந்தைக்கு 19, கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கும். ஆய்வை முடித்த பிறகு குழந்தை என்றால், அவளுக்கு 32, அவருக்கு 44. ஓய்வின்போது குழந்தைக்கு 16, பிளஸ் ஒன்னோ பிளஸ் டூவோ. கருத்தரிக்கும் வாய்ப்பு பெண்ணுக்கு 35-க்குப் பிறகு வேகமாகக் குறைகிறது; ஆணுக்கும் 40-க்கு மேல் மெல்லக் குறையத்தான் செய்கிறது. ஆக, அவசரம் அவர் பக்கம். படிப்பை விட முடியாத நிலை அவள் பக்கம்.

இதை வாயால் பேசினால் "பாத்துக்கலாம்" என்று முடிந்துவிடும். ஒரு தாளில் வருடத்தை எழுதி, பக்கத்தில் இருவர் வயதையும் குழந்தையின் வயதையும் எழுதிப் பார்த்தால் நழுவ முடியாது. இந்த உதாரணத்தில் இரண்டு வழி தெரிகிறது. ஆய்வு நடக்கும்போதே குழந்தை என்றால், பகலில் யார் பார்த்துக்கொள்வது என்பதை அவர் இப்போதே சொல்ல வேண்டும். "எங்கம்மா இருக்காங்க" என்பது பதிலாகாது. அவருக்கு 39 என்றால் அம்மா எழுபதை நெருங்குபவராக இருக்கலாம்; அவருக்கே துணை தேவைப்படும் காலம் அது. ஆய்வுக்குப் பிறகு என்றால், அவர் ஓய்வு பெற்றபின் கல்லூரிச் செலவை அவள் சம்பளம் தாங்கும் என்று இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். அப்படியானால் அவள் வேலை "இஷ்டம்னா போகட்டும்" என்கிற வேலை அல்ல, குடும்பத்துக்குத் தேவையான வேலை.

இந்தப் பேச்சில் அவள் "எனக்கு யோசிக்க ரெண்டு வாரம் வேணும்" என்று சொன்னால் அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். "சரி, நீங்களே கூப்பிடுங்க" என்று காத்திருப்பவருடன் மேலே பேசலாம். "உன் வயசுல இதெல்லாம் புரியாது", "எனக்கு வேற இடமும் வருது" என்றோ, "வீட்ல சொல்லாதே, நாம முடிவு பண்ணிட்டுச் சொல்லலாம்" என்றோ பதில் வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். பெண் மூத்தவளாக இருக்கும் இடத்திலும் இதே அளவுகோல்தான். அங்கே "நான் சொல்றதைக் கேளு" என்பது அவள் வாயிலிருந்து வரும். இரண்டு வாரம் கழித்து அவள் "வேண்டாம்" என்றால், வீட்டாரிடம் "வருஷக் கணக்கு ஒத்துவரலை" என்று சொன்னால் போதும்; இருவர் மேலும் பழி விழாது.