‘கணக்கு உதவியாளர் தேவை’: ஒரு விளம்பரத்தைத் திருத்தி எழுதியபோது

சனத்நகர்த் தொழிற்பேட்டையிலுள்ள சிறு பட்டறைகளின் ரொக்கக் கடன் கணக்குகளைப் பார்த்துவரும் எங்களுக்கு, ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதுபவர் விலகிவிட்டார் என்பது யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும். மாதந்தோறும் வரவேண்டிய சரக்கு மற்றும் வரவேண்டிய கடன் பட்டியல் முதலில் தாமதமாகும். அடுத்த மாதம் வராமலே போகும். பணம் எடுக்கும் வரம்பு அந்தப் பட்டியலைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. மூன்று மாதத்துக்கு மேல் பழையதாகிவிட்ட பட்டியலை வைத்துப் பணம் எடுத்தால், அந்த நிலுவையை ஒழுங்கற்றதாகக் கருதவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்நிலை தொடர்ந்து 90 நாள் நீடித்தால், பட்டறை நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் கணக்கு வாராக்கடனாகிவிடும். ஒரு நாற்காலி காலியாகக் கிடப்பதன் விலை அவ்வளவு பெரிது.

உலோகப் பாகங்களைக் கடைந்து தரும் ஒரு பட்டறையில் இப்படித்தான் நேர்ந்தது. அதன் உரிமையாளர் மாதக் கணக்கில் விளம்பரம் செய்தும் ஆள் அமையவில்லை. பட்டியல் ஏன் வரவில்லை என்று கேட்கச் சென்றபோது அந்த விளம்பரத்தை எங்களிடம் காட்டினார். அதில் இவ்வாறு இருந்தது: ‘கணக்காளர் தேவை. எம்.காம். அல்லது பி.காம். முதல் வகுப்பு. 5 ஆண்டு அனுபவம். டேலி, எக்செல், ஜிஎஸ்டி, வருமான வரியில் முழுத் தேர்ச்சி. ஆங்கிலத்தில் சரளம். தாய்மொழி தெலுங்கு. 30 வயதுக்குட்பட்ட, துடிப்புள்ள ஆண்கள் மட்டும். இருசக்கர வாகனம் கட்டாயம். அழுத்தத்தைத் தாங்கி எந்த நேரமும் உழைக்கக்கூடியவராக இருக்கவேண்டும். சம்பளம் தகுதிக்கேற்ப.’

ஒவ்வொரு தகுதியும் எங்கிருந்து வந்தது என்று கேட்டோம். ஐந்தாண்டு அனுபவம் எதற்கு என்றால், விலகிப்போனவர் ஐந்தாண்டு வேலை பார்த்தவராம். அவர் சேர்ந்தபோது அனுபவமே இல்லாதவர் என்பது பிறகுதான் அவர் நினைவுக்கு வந்தது. எம்.காம். என்பது அடுத்த தெருவிலுள்ள பெரிய நிறுவனத்தின் விளம்பரத்திலிருந்து எடுத்தது. இருசக்கர வாகனம், பழைய ஆளிடம் இருந்தது. போன மனிதரின் வாழ்க்கைக் குறிப்பும் பக்கத்து நிறுவனத்தின் விளம்பரமும் சேர்ந்து ஒரு புதிய பணியின் தகுதிப் பட்டியலாகிவிட்டன. சிறு நிறுவனங்களின் விளம்பரங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் உருவாகின்றன என்பது எங்கள் எண்ணம்.

நாங்கள் அவரிடம் சொன்ன வழி எளியது. தகுதியை முதலில் எழுதவேண்டாம். அந்த நாற்காலியில் அமர்பவர் ஒரு மாதத்தில் செய்யவேண்டிய வேலைகளை நாள்காட்டி வரிசையில் எழுதுங்கள் என்றோம். ஒரு தாளில் அவர் எழுதினார். தினமும் விற்பனைப் பட்டியல் போடுதல், கொள்முதல் பட்டியல்களை டேலியில் பதிதல். பிடித்தம் செய்த வரியை 7ஆம் தேதிக்குள் கட்டுதல். விற்பனை விவரங்களை 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி தளத்தில் ஏற்றுதல். வருங்கால வைப்பு நிதி, ஈஎஸ்ஐ தொகைகளை 15ஆம் தேதிக்குள் செலுத்துதல். 20ஆம் தேதிக்குள் மாதாந்திர ஜிஎஸ்டி படிவத்துக்கான எண்களைத் திரட்டித் தருதல். வங்கிக்கான சரக்குப் பட்டியலைத் தயாரித்தல். பணம் தராத வாடிக்கையாளர்களுக்குத் தொலைபேசியில் நினைவூட்டுதல்.

இத்தாளைப் பார்த்தவுடன் சில தகுதிகள் தாமாகவே உதிர்ந்தன. வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்பவர் அவருடைய தணிக்கையாளர். உதவியாளர் அதைத் தொடுவதேயில்லை. ஆக, ‘வருமான வரியில் முழுத் தேர்ச்சி’ யாருக்கும் வேண்டாத தகுதி. ஆங்கிலத்தில் சரளமாகப் பேசவேண்டிய தருணம் அந்த மாதத்தில் ஒன்றுகூட இல்லை. அரசுத் தளத்தில் வரும் அறிவிப்பைப் படித்துப் புரிந்துகொண்டு, நான்கு வரி மின்னஞ்சல் எழுதத் தெரிந்தால் போதும். வெளியே செல்லவேண்டிய வேலை வாரம் ஒருமுறை வங்கிக்கு வருவதுதான். அதற்கு எர்ரகட்டா மெட்ரோ நிலையமும் ஆட்டோவும் இருக்க, வண்டி எதற்கு?

எஞ்சியவற்றை இரண்டாகப் பிரித்தோம். முதல் நாளே தெரிந்திருக்கவேண்டியது ஒரு பக்கம். மூன்று மாதத்தில் கற்றுக்கொடுக்கக்கூடியது மறுபக்கம். டேலியில் பதிவு போடுவதும், வங்கிக் கணக்கையும் பேரேட்டையும் ஒப்பிட்டு வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பதும் முதல் பக்கத்தில் நின்றன. சரக்குப் பட்டியல் தயாரிப்பது இரண்டாம் பக்கத்துக்குச் சென்றது. அது ஒவ்வொரு வங்கிக்கும் ஒவ்வொரு வடிவம். எப்படியும் கற்றுக்கொடுத்தே ஆகவேண்டும். ஒரு தகுதி எந்தப் பக்கம் சேரும் என்று ஐயம் வந்தபோதெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டோம்: இது இல்லாதவர் திங்கட்கிழமை வந்து அமர்ந்தால், அந்த வாரம் எந்த வேலை நின்றுபோகும்? பதில் வராத தகுதி விளம்பரத்தில் இடம்பெறவில்லை.

பட்டத்தைப் பற்றி மட்டும் சற்று நீண்ட வாதம் நடந்தது. பட்டதாரி என்று போட்டால் விண்ணப்பங்கள் தாமாக வடிகட்டப்படும் என்பது உரிமையாளரின் கட்சி. வடிகட்டப்படுவது உண்மை, தகுதியானவர்களும் சேர்ந்தே வடிகட்டப்படுகிறார்கள் என்பதுதான் சிக்கல். அமெரிக்காவில் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். ஹார்வர்டு வணிகப் பள்ளியினர் 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, உற்பத்திக் கண்காணிப்பாளர் பணிக்கான விளம்பரங்களில் 67 விழுக்காடு பட்டம் கேட்டன. அதே பணியில் அப்போது இருந்தவர்களில் பட்டம் பெற்றிருந்தவர்கள் 16 விழுக்காட்டினரே. இங்கே எங்கள் நண்பரின் பட்டறையிலும் அதே நிலைதான். விலகிப்போன உதவியாளர் பி.காம். படிப்பை முடிக்காதவர். வணிகவியல் பட்டதாரிகளாகிய எங்களுக்கு இதைச் சொல்வது அவ்வளவு இனிப்பான செய்தி அன்று. ஆயினும் பேரேட்டை ஒப்பிடத் தெரிந்தவரைக் கண்டறிய, பழைய வங்கி அறிக்கை ஒன்றைக் கையில் கொடுத்து அரைமணி நேரம் விடுவதே பட்டச் சான்றிதழைவிட நல்ல சோதனை.

அடுத்து வந்தது ‘ஆண்கள் மட்டும்’. இது வெறும் வழக்கம் சார்ந்த விஷயமன்று; சட்டம் சார்ந்தது. ஒரே வகையான வேலைக்கு ஆளெடுக்கும்போது பெண்களைப் பாகுபடுத்தக்கூடாது என்று 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தின் 5ஆம் பிரிவு விதித்தது. அச்சட்டத்தைத் தன்னுள் அடக்கிய 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்பும், பாலின அடிப்படையில் ஆளெடுப்பில் வேறுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. அந்த வேலையில் பெண்களை அமர்த்துவதை வேறொரு சட்டம் தடைசெய்திருந்தால் மட்டுமே விலக்கு உண்டு.

பெண்கள் விண்ணப்பிக்கவேண்டாம் என்ற டெல்கோ நிறுவனத்தின் அறிவிப்பைப் பார்த்துவிட்டு, 1974இல் பெங்களூருவில் மாணவியாக இருந்த சுதா மூர்த்தி, ஜே.ஆர்.டி. டாட்டாவுக்கு அஞ்சலட்டை எழுதியதும், பின்னர் அந்நிறுவனத்தில் பொறியாளராகச் சேர்ந்ததும் பலரும் அறிந்த செய்தி. அது பழங்கதை என்று நினைப்பவர்கள் ஸ்ரீபெரும்புதூரைப் பார்க்கவேண்டும். அங்குள்ள பாக்ஸ்கான் ஐபோன் தொழிற்சாலையில் திருமணமான பெண்களுக்கு வேலை மறுக்கப்படுவதாக, 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. ஒன்றிய தொழிலாளர் அமைச்சகம் 1976ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சுட்டித் தமிழ்நாட்டுத் தொழிலாளர் துறையிடம் அறிக்கை கேட்டது. பாகுபாடு காட்டுவதில்லை என்று நிறுவனம் மறுத்தது. அதன்பின், வயது, பாலினம், திருமண நிலை ஆகியவற்றை விளம்பரங்களில் குறிப்பிடக்கூடாது என்று ஆளெடுப்பு முகவர்களுக்கு அந்நிறுவனம் அறிவுறுத்தியதாக அதே ஆண்டு நவம்பரில் செய்தி வந்தது. முகவர் வழியாக ஆளெடுக்கும் வாடிக்கையாளர்கள் இதைக் கவனிக்கவேண்டும். முகவர் ஒட்டும் சுவரொட்டியில் இருப்பதும் உங்கள் பெயரில்தான் பேசப்படும்.

எங்கள் நண்பரைக் கேட்டபோது, ஆண்கள் மட்டும் என்று போட்டதற்குக் காரணம் மாதக் கடைசியில் இரவு எட்டு மணி ஆகிவிடும் என்பதே. அப்படியானால் எழுதவேண்டியது அந்த நேரத்தைத்தான். ‘மாத இறுதியில் இரண்டு நாள் இரவு 8 மணி வரை வேலை இருக்கும், வீடு செல்ல வாகன ஏற்பாடு உண்டு’ என்று போட்டால், ஆணோ பெண்ணோ தமக்கு ஒத்துவருமா என்று தாமே முடிவு செய்துகொள்வார்கள். வயது வரம்பு தனியார் துறையில் பொதுச் சட்டத்தால் தடுக்கப்பட்டதன்று. ஆயினும் பிள்ளைகள் வளர்ந்தபின் மீண்டும் வேலைக்கு வர விரும்பும், டேலி அறிந்த நாற்பது வயதுப் பெண்மணியை அது வாசலிலேயே நிறுத்திவிடும்.

‘தாய்மொழி தெலுங்கு’ என்ற வரி ஹைதராபாத்தில் வாழும் நம்மவர்களுக்கு நன்கு பழக்கமான ஒன்று. தேவை என்ன? வாடிக்கையாளரிடம் தெலுங்கிலோ இந்தியிலோ பேசத் தெரியவேண்டும். மூன்று தலைமுறையாக இங்கே வாழும் தமிழருக்கும் மராட்டியருக்கும் அது தெரியும். பிறப்பைக் கேட்காமல் திறனைக் கேட்டால் போதும். ‘துடிப்புள்ள’, ‘அழுத்தத்தைத் தாங்கி’ போன்ற சொற்களை நீக்கியதற்கும் காரணம் உண்டு. ஆதிக்கத் தொனியுள்ள, ஆண்மைச் சாயல் கொண்ட சொற்கள் மிகுந்த விளம்பரங்கள் பெண்களை ஈர்ப்பதில்லை என்று 2011இல் வெளியான கோச்சர், ஃபிரீசன், கே ஆகியோரின் ஆய்வு காட்டியது. தம்மால் முடியாது என்ற ஐயத்தைவிட, ‘அந்த இடம் நமக்கானதன்று’ என்ற எண்ணமே அவர்களைத் தயங்கவைத்தது. தவிரவும், எந்த நேரமும் உழைக்கவேண்டும் என்பதைப் படிக்கும் நல்ல வேலைக்காரர், அந்த இடத்தில் நேரம் பற்றி ஒழுங்கில்லை என்றே பொருள் கொள்வார்.

இறுதியில் விளம்பரம் இவ்வாறு அமைந்தது: ‘சனத்நகரில் இருபது பேர் பணிபுரியும் இயந்திரப் பட்டறைக்குக் கணக்கு உதவியாளர் தேவை. வேலை: தினசரி விற்பனை, கொள்முதல் பதிவுகள், மாதந்தோறும் ஜிஎஸ்டி விவரங்கள், வங்கிக்கான சரக்குப் பட்டியல், நிலுவை நினைவூட்டல். தெரிந்திருக்கவேண்டியவை: டேலியில் பதிவு, வங்கிக் கணக்கு ஒப்பீடு, தெலுங்கு அல்லது இந்தியில் பேச்சு, எளிய ஆங்கில வாசிப்பு. சரக்குப் பட்டியலும் ஜிஎஸ்டி தளமும் கற்றுத்தரப்படும். திங்கள் முதல் சனி வரை காலை 9.30 முதல் மாலை 6 வரை. மாத இறுதியில் இரண்டு நாள் இரவு 8 வரை, வாகன ஏற்பாடு உண்டு. சம்பளம் 22,000 முதல் 26,000 ரூபாய். வருங்கால வைப்பு நிதி உண்டு. அரைமணி நேரச் செய்முறைத் தேர்வு நடைபெறும்.’

சம்பளத்தை வெளிப்படையாகப் போட உரிமையாளர் தயங்கினார். ஏற்கெனவே உள்ளவர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பார்களே என்ற அச்சம். அது நியாயமான அச்சமே. ஆனால் 26,000க்கு மேல் தரமுடியாத இடத்துக்கு 40,000 எதிர்பார்ப்பவரை வரவழைத்து நேர்காணல் நடத்துவதில் இரு தரப்புக்கும் அரைநாள் வீண்.

விளம்பரம் சரியாக அமைந்ததா என்பதை முதல் பத்து விண்ணப்பங்களே சொல்லிவிடும். பத்தில் எட்டுப் பேர் டேலியே அறியாதவர்கள் என்றால், வேலை விவரம் தெளிவாக இல்லை. அனைவரும் தகுதியில் மிஞ்சியவர்கள் என்றால், பணியின் பெயர் பெரிதாக ஒலிக்கிறது. ‘கணக்காளர்’ என்பதை ‘கணக்கு உதவியாளர்’ என்று மாற்றியது அதற்காகத்தான். யாருமே வரவில்லை என்றால் பெரும்பாலும் சம்பளம்தான் காரணம். அதை எந்தச் சொல்லாலும் ஈடுகட்ட இயலாது.

ஒன்றை மட்டும் உரிமையாளரிடம் எழுதி வாங்காத குறையாகக் கேட்டுக்கொண்டோம். விளம்பரத்திலிருந்து நீக்கிய கேள்விகள் நேர்காணல் அறையில் திரும்பி வரக்கூடாது. திருமணம் எப்போது, வண்டி இருக்கிறதா, சொந்த ஊர் எது என்பனவற்றை விட்டுவிட்டு, அதே நான்கு தகுதிகளை ஒரு தாளில் எழுதி, வருகிற ஒவ்வொருவருக்கும் அதே வரிசையில் மதிப்பெண் இடச் சொன்னோம். தேர்வுக்குரிய பழைய வங்கி அறிக்கையில் வாடிக்கையாளர் பெயர்களை மறைத்துவிட்டு நகலெடுக்கவும் நினைவூட்டினோம்.