மாலைக்குப் பின் வரும் செய்தி

பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடி மலைப்பகுதியில், அகளி, புதூர், சோளையூர் ஆகிய மூன்று ஊராட்சிகளில் பழங்குடி ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன. அவ்வூர்களுக்கும் மருத்துவ நிலையங்களுக்கும் இடையே இணைப்பாக இருப்பவர்கள் ஆஷா பணியாளர்கள். 2005இல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் இப்பணியை வகுத்தபோது, இவர்கள் ஊதியம் பெறும் ஊழியர்களாக அல்லாமல் தொண்டர்களாகக் கருதப்பட்டனர். நாளொன்றுக்கு இரண்டு அல்லது மூன்று மணி நேரம், வாரத்தில் ஏறத்தாழ நான்கு நாட்கள் என்பதே அன்றைய கணிப்பு. 2025 பிப்ரவரி 10 அன்று திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் கேரள ஆஷா பணியாளர்கள் தொடங்கிய போராட்டம் எட்டு மாதங்களுக்கும் மேலாக நீடித்தது. மதிப்பூதிய உயர்வும் ஓய்வுகாலப் பயனுமே முதன்மைக் கோரிக்கைகள் எனினும், கணிப்பிலிருந்த நேரத்துக்கும் நடைமுறையில் செலவாகும் நேரத்துக்கும் உள்ள தூரமே அதன் அடியில் இருந்தது எனலாம்.

அந்தத் தூரத்தின் ஒரு பகுதி கைப்பேசி வழியாக வருகிறது. ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். அகளியில் உள்ள மேற்பார்வை அலுவலர் ஒருவருக்கு மாலை ஐந்து மணிக்கு மேலிடத்திலிருந்து ஒரு கேள்வி வருகிறது: மறுநாள் பதினொரு மணிக் கூட்டத்துக்குக் கர்ப்பிணிகளின் எண்ணிக்கை வேண்டும். அவர் இரவு ஒன்பதே முக்காலுக்கு வாட்ஸ்அப் குழுவில், “காலைக்குள் பட்டியல் அனுப்பவும்” என்று எழுதுகிறார். பணியாளர் அந்தி சாயும் வேளையில்தான் வீடு திரும்பியிருப்பார். அலைவரிசை கிடைக்கும் மேட்டுக்கு நடந்து செல்கிறார். விளக்கொளியில் பதிவேட்டைப் பார்த்துப் பெயர்களைத் தட்டச்சிடுகிறார். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆயினும் முதலில் அனுப்பியவருக்குக் குழுவில் நன்றி கிடைக்கிறது. அந்த நன்றியே மற்றவர்களுக்கு உத்தரவாகிவிடுகிறது.

அனுப்புபவருக்கு இது தெரிவதில்லை. லாரா ஜியுர்ஜ், வனெசா போன்ஸ் ஆகிய இரு ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வில், அவசரமற்ற மின்னஞ்சலைப் பெறுவோர், அனுப்பியவர் எதிர்பார்ப்பதைவிட விரைவாகப் பதில் தேவை என்றே எண்ணுகின்றனர் எனக் கண்டனர். உடனடிப் பதில் வேண்டாம் என்று அனுப்புபவர் வெளிப்படையாகச் சொன்னால் இத்தவறான எண்ணம் குறைகிறது. ஆனால் அந்தச் சொல்லுக்குப் பிறகும் விரைந்து பதிலளித்தவரையே பாராட்டும் அலுவலரை எவரும் நம்பமாட்டார் என்பது என் கருத்து.

அதே அலுவலர் வேறு விதமாகச் செய்திருக்கலாம். சென்ற மாதப் பதிவேட்டின் சுருக்கம் அலுவலகத்திலேயே இருக்கிறதா என்று முதலில் பார்ப்பார், பெரும்பாலும் இருக்கும். விடுபட்ட ஊர்களை மட்டும் குறித்துக்கொண்டு, எழுதிய செய்தியை அனுப்பாமல் வைத்திருந்து, காலை ஒன்பதரைக்கு அப்பணியாளர்களிடம் மட்டும் கேட்பார். கூட்டத்துக்குள் ஓர் ஊரின் விவரம் வராவிட்டால், அது வரவில்லை என்று மேலிடத்துக்குத் தாமே சொல்வார். கடினமான பகுதி இதுதான். கீழே உள்ளவர்களின் மாலை நேரத்தைக் காப்பது, மேலே உள்ளவரிடம் ஒரு சிறு குறையை ஒப்புக்கொள்வதில்தான் தொடங்குகிறது. தாம் விடுப்பில் செல்லும்போது பொறுப்பை ஒருவரிடம் முறைப்படி ஒப்படைத்து, இடையில் குழுவில் எழுதாமலிருந்தால், விடுப்பு என்பதன் பொருளும் மற்றவர்களுக்கு விளங்கும்.

இரவில் எதுவுமே வரக்கூடாதா என்று கேட்கலாம். மருத்துவத் துறையில் அது இயலாது. கர்ப்பிணிக்கு இரத்தப்போக்கோ வலிப்போ கண்டால் எந்த நேரமும் அழைக்க வேண்டும். அதனால்தான் வழிகளைப் பிரிக்க வேண்டியிருக்கிறது: உயிர் ஆபத்துக்கு நேரடித் தொலைபேசி அழைப்பும் 108 ஊர்தியும்; பட்டியல், படம், சுற்றறிக்கை ஆகியவற்றுக்குப் பகல் நேரக் குழு. இரண்டும் ஒரே இடத்தில் கலந்தால், ஓயாத ஒலியைப் பொறுக்காமல் பணியாளர் குழுவின் ஓசையை அணைத்துவிடுவார். பிறகு, உண்மையான அபாயச் செய்தியும் காலை வாழ்த்துப் படங்களுக்கிடையே புதைந்துபோகும். இரவில் அழைக்கப்பட்டவரின் பெயரும் நேரமும் பதிவாகி, மறுநாள் அவருக்கு அதற்கு ஈடான ஓய்வு தரப்பட வேண்டும்.

நிலைமையை அறிய எளிய வழி ஒன்று உண்டு. ஒரு மாதச் செய்திகளைத் திருப்பிப் பார்த்து, மாலை ஆறு மணிக்குப் பிந்தியவற்றை எண்ணி, ஒவ்வொன்றையும் தொடங்கியவர் யார் என்று குறித்தால் போதும். தொடங்கியவர் அலுவலர் என்றால், பழக்கத்தை அவர் ஒருவரே மாற்றிவிடலாம். பணியாளர்களே இரவில் விவரங்களை அனுப்பிக்கொண்டிருந்தால், பகலில் முடியாத அளவுக்கு வேலை இருக்கிறது என்று பொருள். அதற்கு வேண்டியவை கூடுதல் ஆட்களும் குறைந்த படிவங்களும். 2017 ஜனவரி முதல் பிரான்சும், 2024 ஆகஸ்டு முதல் ஆஸ்திரேலியாவும் பணிநேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமையைச் சட்டத்தில் வைத்துள்ளன. இந்திய மக்களவையில் 2018 டிசம்பரில் இதற்கென ஒரு தனிநபர் மசோதா அறிமுகமாயிற்று, அது சட்டமாகவில்லை. தொண்டர் என்று வகைப்படுத்தப்பட்டவருக்கு மிகைநேரம் என்பதே கணக்கில் வராது என்பதால், அகளி போன்ற இடங்களில் இப்போதைக்கு எல்லையாக நிற்பது மேற்பார்வை அலுவலரின் வழக்கம் மட்டுமே.