படத்தில் 9 செ.மீ., நிஜத்தில் எவ்வளவு?

ரெக்கார்டு நோட்டில் இரண்டு செல்கள் அடுத்தடுத்து வரையப்பட்டிருக்கின்றன. வெங்காயத்தின் உள்தோல் செல் 9 செ.மீ. நீளம், கன்னத்தின் உட்புறச் செல் 6 செ.மீ. அகலம். இரண்டின் கீழும் ‘400 மடங்கு’ என்று எழுதியிருக்கிறது. கண்ணருகு லென்சு 10, பொருளருகு லென்சு 40, பெருக்கினால் 400.

ஆனால் அது நுண்ணோக்கியின் உருப்பெருக்கம், படத்தினுடையது அல்ல. செல்லை எவ்வளவு பெரிதாக வரைவது என்பதைத் தீர்மானிப்பது பென்சில் பிடித்த கை. அதனால் படத்தின் உருப்பெருக்கத்தைத் தனியாகக் கணக்கிட வேண்டும்: படத்தில் உள்ள அளவை நிஜ அளவால் வகுக்க வேண்டும்.

நிஜ அளவுக்கு எங்கே போவது? 10 மடங்கு பொருளருகு லென்சின் கீழ், கண்ணாடி போல ஊடுருவித் தெரியும் ஸ்கேலை வைத்துப் பார்த்தால் போதும். ஒளிவட்டத்தின் குறுக்கே, வைத்துக்கொள்வோம், 1.8 மி.மீ. தெரிகிறது. அதாவது 1,800 மைக்ரோமீட்டர். ஸ்கேலை எடுத்துவிட்டு வெங்காயத் தோலை வைத்தால் அந்த வட்டத்தின் குறுக்கே நீளவாக்கில் 6 செல்கள் அடங்குகின்றன. ஒன்றின் நீளம் 300 மைக்ரோமீட்டர். 40 மடங்கு லென்சுக்கு மாறினால் வட்டம் நான்கில் ஒன்றாகச் சுருங்கி 450 மைக்ரோமீட்டர் ஆகிவிடும். மெத்திலீன் நீலம் ஏறிய கன்னச் செல் அதில் ஏறக்குறைய ஏழரையில் ஒரு பங்கை அடைத்துக்கொண்டால், அதன் அகலம் 60 மைக்ரோமீட்டர்.

இனி படத்துக்கு வரலாம். 9 செ.மீ. என்பது 90,000 மைக்ரோமீட்டர். அதை 300-ஆல் வகுத்தால் வெங்காயச் செல் படத்தின் உருப்பெருக்கம் 300 மடங்கு. கன்னச் செல்லுக்கு 60,000-ஐ 60-ஆல் வகுக்க, 1,000 மடங்கு. தாளில் ஒன்றரை மடங்கு மட்டுமே நீளமாகத் தெரிந்த தாவரச் செல், நிஜத்தில் ஐந்து மடங்கு நீளம்!

பெரும்பாலும் தவறு நடப்பது அலகு மாற்றத்தில். சென்டிமீட்டரை அப்படியே விட்டுவிட்டு 9-ஐ 300-ஆல் வகுத்தால் 0.03 வரும். உருப்பெருக்கம் ஒன்றுக்குக் கீழே போனால், படம் செல்லைவிடச் சிறியது என்று அர்த்தம். விடையே தவறைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

உருப்பெருக்கம் தெரிந்துவிட்டால் படத்தின் உள்ளுறுப்புகளையும் அளக்கலாம். கன்னச் செல்லின் உட்கரு படத்தில் 8 மி.மீ. என்றால், 1,000-ஆல் வகுக்க, நிஜத்தில் 8 மைக்ரோமீட்டர். ஆனால் விளிம்புக் கோட்டை இப்படி அளக்கக் கூடாது. பென்சில் கோடு அரை மி.மீ. தடிமன், 1,000-ஆல் வகுத்தால் அரை மைக்ரோமீட்டர். செல் சவ்வின் உண்மைத் தடிமனோ ஒரு மைக்ரோமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. பள்ளி நுண்ணோக்கியில் அது தெரியவே தெரியாது; சைட்டோபிளாசம் முடியும் எல்லைதான் தெரிகிறது. வெங்காயத்தில் பளிச்செனத் தெரியும் கோடுகள் செல் சுவர்கள். சவ்வு அவற்றின் உள்பக்கம் ஒட்டிக்கிடக்கிறது. கன்னச் செல்லில் சுவரே இல்லை.