கரைந்த கட்டி ஏன் திரும்புகிறது?

நுரையீரல் புற்றுநோயில் பல வகைகள் உண்டு. அவற்றில் மிக வேகமானது சிறுசெல் வகை. நுரையீரல் புற்றுநோய் வந்தவர்களில் ஏழில் ஒருவருக்கு இது இருக்கும். அநேகமாக எல்லோருமே பல வருடம் புகைத்தவர்கள்.

வளவனூரில் ஒருவரை நினைத்துக்கொள்வோம். வயது 58, நாற்பது வருடப் பீடிப் பழக்கம். ஆள் கற்பனைதான். ஆனால் அவருக்கு நடப்பவை புற்றுநோய் வார்டுகளில் வழக்கமாக நடப்பவை. ஆடியில் லேசான இருமல். ஐப்பசியில் காலையில் எழுந்தால் முகம் உப்பியிருக்கிறது, சட்டையின் மேல் பட்டனைப் போட முடியவில்லை, கழுத்து நரம்புகள் புடைத்துத் தெரிகின்றன. நெஞ்சுக்கு நடுவே வளர்ந்த கட்டி, தலையிலிருந்து இதயத்துக்கு ரத்தம் இறங்கும் பெரிய குழாயை அழுத்துவதால் வரும் வீக்கம் இது. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனையில் சளியில் காசநோய்க் கிருமி இல்லை என்கிறார்கள். அடுத்து புதுச்சேரி ஜிப்மரில் ஸ்கேன், சதைப் பரிசோதனை. நுண்ணோக்கியில் சின்னச் சின்ன செல்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கிடக்கின்றன. பெரும்பாலானவை பிரியும் நிலையில் இருக்கின்றன. கல்லீரலிலும் புள்ளிகள். மூன்றில் இருவருக்கு இந்த நோய் தெரியவரும்போதே இப்படிப் பரவியிருக்கும். அறுவை சிகிச்சைக்கு இடமில்லை.

கீமோ தொடங்குகிறது. முதல் நாள் கார்போபிளாட்டின், முதல் மூன்று நாளும் எட்டோபோசைடு. 21 நாளுக்கு ஒரு சைக்கிள். சில நாளிலேயே முக வீக்கம் வடிகிறது. இரண்டு சைக்கிள் முடிந்து ஸ்கேன் எடுத்தால் கட்டி பாதிக்கு மேல் சுருங்கியிருக்கிறது. நான்காவது முடிந்தபோது தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. “டாக்டர், அப்பாவுக்குச் சரியாயிடுச்சுதானே?” என்று மகன் கேட்கிறான்.

இவ்வளவு சீக்கிரம் எப்படிக் கரைந்தது? நம் செல்களில் ஆர்பி, பி53 என்ற இரண்டு காவல் மரபணுக்கள் உண்டு. டிஎன்ஏ பழுதானால் செல் பிரிவதை நிறுத்திப் பழுதுபார்க்க வைப்பவை அவை. சிறுசெல் புற்றில் அநேகமாக இரண்டுமே கெட்டுப்போயிருக்கும். அதனால்தான் கட்டி ஓரிரு மாதத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது. கீமோ மருந்து டிஎன்ஏவை உடைக்கும்போதும் அதே குறைதான் செல்லைக் கொல்கிறது. நிற்கத் தெரியாத செல், உடைந்த டிஎன்ஏவோடு பிரியப் போய்ச் சாகிறது. வேகமும் கரைதலும் ஒரே காரணத்தின் இரண்டு விளைவுகள்.

இப்போது ஒரு கணக்கு. ஒரு சென்டிமீட்டர் கட்டியில் ஏறத்தாழ நூறு கோடி செல் இருக்கும். மருந்து ஆயிரத்தில் 999 செல்லைக் கொன்றுவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். மிச்சம் பத்து லட்சம். அவ்வளவும் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர்தான், ஸ்கேன் படத்தில் பிடிபடாது. பத்து முறை இரட்டித்தால் ஆயிரம் மடங்கு. மாதம் ஒருமுறை இரட்டித்தால் பத்து மாதத்தில் பழைய அளவு வந்துவிடும்.

தப்பியவை செத்தவற்றைப் போன்றவையாக இருந்தால் அதே மருந்து மறுபடியும் கேட்டிருக்கும். சிக்கலே அங்கேதான். ஒரே கட்டிக்குள் பல குணமுள்ள செல்கள் உண்டு. மெதுவாகப் பிரிபவையும், டிஎன்ஏ முறிவைத் தாங்குபவையும் மிஞ்சுகின்றன. எஸ்எல்எஃப்என்11 என்ற மரபணு, டிஎன்ஏ பழுதான செல்லைச் சாக விடும் வேலையைச் செய்கிறது. மனிதக் கட்டிகளை எலிகளில் வளர்த்துக் கீமோ கொடுத்துப் பார்த்தபோது, திரும்பி வந்த சில கட்டிகளில் அந்த மரபணு அணைக்கப்பட்டிருந்ததை 2017இல் கண்டார்கள். மூளை இன்னொரு ஒளிவிடம். பெரும்பாலான கீமோ மருந்துகள் அங்கே போதுமான அளவு நுழைவதில்லை.

ஆகவே திரும்பி வரும்போது டாக்டர் முதலில் பார்ப்பது நாள் கணக்கை. கடைசி சைக்கிளுக்குப் பிறகு மூன்று மாதத்துக்குள் வந்தால், மிஞ்சிய செல்கள் பழைய மருந்துக்கு மசியவில்லை என்று பொருள். ஆறு மாதம் தாண்டி வந்தால் அதே மருந்தையே மறுபடி கொடுத்துப் பார்க்கலாம். இடைப்பட்டவர்களுக்கு டோப்போடெக்கான் போன்ற மாற்று உண்டு. கீமோவோடு நோய் எதிர்ப்பு சிகிச்சையையும் சேர்த்த 2018 ஆய்வில், பரவிய நிலை நோயாளிகளின் சராசரி ஆயுள் பத்து மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதமானது. ஒரு பக்க நெஞ்சோடு நோய் நின்றவர்களுக்குக் கீமோவோடு கரண்டும் வைப்பார்கள். நிரந்தரமாகத் தப்புகிறவர்களில் பெரும்பாலோர் இவர்கள்தான்.

மகனுக்கு டாக்டர் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்பது என் எண்ணம். ஸ்கேனில் தெரியவில்லை என்பதும் இல்லை என்பதும் வேறு வேறு. இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் வேண்டும், மூளைக்கும் சேர்த்துத்தான். புதிதாகத் தலைவலி, நடையில் தள்ளாட்டம், பேச்சில் குழப்பம் வந்தால் தேதிக்குக் காத்திராமல் கிளம்ப வேண்டும். குழப்பம் சில சமயம் மூளையில் பரவியதால் அல்ல, இந்தக் கட்டி சுரக்கும் ஹார்மோன் ரத்தத்தில் சோடியத்தைக் குறைப்பதால் வரும். அதை அன்றைக்கே ஒரு ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துச் சரிசெய்யலாம்.